பரப்புப் பங்கும் ஒளிப் பங்கும்: வானத்துக்கான மாஸ்க்கின் விளிம்பு பற்றி ஓர் ஆய்வு

ஒளிப்படத்தில் வானத்தை மட்டும் தனியே பிரித்து அதன் நிறத்தையோ ஒளியளவையோ மாற்றும்போது, மரத்தின் ஓரத்தில் மெல்லிய வெளிர்க்கோடு ஒன்று தோன்றுவது வழக்கம். மாஸ்க் சரியாக வெட்டப்படவில்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். மாஸ்க் இம்மியும் பிசகாமல் வெட்டப்பட்டிருந்தாலும் அந்தக் கோடு தோன்றும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பிழை வெட்டும் துல்லியத்தில் இல்லை. மாஸ்க்கின் எண் எதை அளக்கிறது என்பதில் இருக்கிறது.

1. இரண்டு நெகடிவ்களின் காலம்

வானத்தைத் தனியே கையாளும் தேவை கணினிக்கு வெகுகாலம் முந்தியது. 1850களின் கொலோடியன் தகடுகள் நீலத்துக்கும் ஊதாவுக்கும் மிகையாக எதிர்வினை காட்டின. நிலத்துக்கு ஏற்ற நேரம் ஒளி கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வானத்துக்கு ஏற்றபடி குறைத்தால் நிலம் இருண்டுவிடும். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளில் உருவாக்கிய கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகடிவ், மேகத்துக்கு ஒரு நெகடிவ் என இரண்டைப் பயன்படுத்தி ஒரே தாளில் அச்சிட்டார். இரண்டும் சேரும் இடம் தொடுவானம்.

இந்த இணைப்பிடம் நம் வாதத்துக்கு முக்கியமானது. தொடுவானம் நேர்கோடு, அங்கே கிளையும் இலையும் இல்லை. அதோடு, தொடுவானத்தை ஒட்டிய கடலின் ஒளியளவு வானத்தின் ஒளியளவிலிருந்து பல சமயங்களில் வெகுதூரம் விலகியிருப்பதில்லை. இவ்விரண்டில் பின்னதன் பலன் என்ன என்பது மூன்றாம் பகுதியில் தெளிவாகும். கறுத்த மரக்கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்தில் இதே வேலையைச் செய்ய முயன்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

2. விளிம்புப் புள்ளியில் நடப்பது என்ன?

கணினிப் படத்தில் ஒரு படப்புள்ளி எப்போதும் வானமாகவோ மரமாகவோ மட்டும் இருப்பதில்லை. கிளையின் ஓரம் புள்ளியின் நடுவே சென்றால், பாதிப் பரப்பை வானமும் பாதியை மரமும் நிரப்பும். தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் 1984இல் வெளியிட்ட கட்டுரை, இந்தப் பரப்புப் பங்கை ஆல்ஃபா என்ற எண்ணாகக் கொண்டு படங்களை அடுக்கும் முறையை வகுத்தது. இன்றைய மென்பொருள்களின் மாஸ்க்குகளும் பெரும்பாலும் இதே பொருளில்தான் படிக்கப்படுகின்றன: பாதி வானம் என்றால் மாஸ்க்கின் மதிப்பு 0.5.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். மாலை வானத்தின் எதிரே ஒரு வேப்பமரம். வானத்தின் ஒளியளவு 0.8, நிழலான இலையின் ஒளியளவு 0.04 என்று வைத்துக்கொள்வோம். இவை காமா வளைவு ஏற்றப்படாத நேரியல் அளவுகள். பாதி வானமும் பாதி இலையுமான புள்ளி 0.42 என்று பதிவாகும். இப்போது வானத்தை இரண்டு ஸ்டாப் இருட்டாக்க வேண்டும். அதாவது அதன் ஒளியை நான்கில் ஒன்றாக்க வேண்டும். வானம் 0.2 ஆகும். அந்த விளிம்புப் புள்ளி என்ன ஆக வேண்டும்? இருண்ட வானத்தில் பாதி 0.1, மாறாத இலையில் பாதி 0.02, கூட்டினால் 0.12.

மென்பொருள் இப்படிச் செய்வதில்லை. வானம் வேறு, இலை வேறு என்று அதற்குத் தெரியாது. அதன் கையில் இருப்பது கலந்துபோன 0.42 மட்டுமே. மாஸ்க் 0.5 என்பதால், நான்கில் ஒன்றாக்கிய 0.105ஐயும் தொடாத 0.42ஐயும் பாதிப்பாதியாகக் கலக்கிறது. விடை 0.2625. இது வர வேண்டிய 0.12ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதைவிட முக்கியமானது, இருண்ட வானத்தின் 0.2ஐ விடவும் இது அதிகம். வானத்துக்கும் இலைக்கும் இடையில் இருக்க வேண்டிய புள்ளி இரண்டையும் விட வெளிச்சமாகிவிட்டது. நாம் காணும் வெளிர்க்கோடு இதுதான். பரப்புப் பங்கை மாஸ்க் சரியாகவே சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாற்றம் சிறிதாக இருந்தால் கோடு ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கும் இதே கணக்கில் விடை உண்டு. ஒரே ஒரு ஸ்டாப் குறைத்தால் வானம் 0.4, விளிம்புப் புள்ளி 0.315. வர வேண்டியது 0.22, ஆகவே பிழை இருக்கிறது. ஆனால் புள்ளி வானத்தை விட இருட்டாகவே இருப்பதால் அது கோடாகத் தெரியாமல், கிளைகள் சற்று மெலிந்ததாக மட்டும் தெரிகிறது. இந்த எடுத்துக்காட்டில் பாதிக்குப்பாதி கலந்த புள்ளி வானத்தை முந்துவது ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப்பில். பெரும்பகுதி வானமாக உள்ள புள்ளிகள் ஒரு ஸ்டாப்பை ஒட்டியே முந்தத் தொடங்கிவிடும்.

3. கேட்க வேண்டிய கேள்வி

எந்த மாஸ்க் மதிப்பு சரியான விடையைத் தரும்? பரப்புப் பங்கு `a`, வானத்தின் ஒளி `S`, மரத்தின் ஒளி `T`, தேவையான மாஸ்க் `m` எனக் கொண்டால் விடை சுருக்கமானது:

```
m = a*S / (a*S + (1 - a)*T)
```

அதாவது, புள்ளியில் எவ்வளவு இடம் வானத்துக்கு உரியது என்பதல்ல கேள்வி. புள்ளிக்கு வந்த ஒளியில் எவ்வளவு வானத்திலிருந்து வந்தது என்பதே கேள்வி. நம் வேப்பமரத்தில் பாதி வானமான புள்ளிக்கு வானத்தின் ஒளி 0.4, இலையின் ஒளி 0.02. ஒளிப் பங்கு 0.95. இந்த மாஸ்க் மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால் 0.12 சரியாகவே வருகிறது. இன்னும் வியப்பானது, புள்ளியில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே வானமாக இருந்தாலும் ஒளியில் பாதிக்குச் சற்று மேல் வானத்துடையது. கண்ணுக்கு முழு இலையாகத் தெரியும் புள்ளியும் கணக்கில் பாதி வானம்.

அனுபவமுள்ள படத்திருத்தக்காரர்கள் மாஸ்க்கை மரத்துக்குள் சற்றே நகர்த்திவிடுவது இதனால்தான் பலிக்கிறது. அது கைப்பழக்கமாக வந்த தந்திரம் போலத் தெரிந்தாலும், ஒளிப் பங்கை நோக்கிப் போகும் நகர்வே.

ஆனால் இந்தத் தந்திரம் எல்லா இடத்திலும் செல்லாது. மரத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் ஒன்று நிற்கிறது. அதன் ஒளி 0.7. பாதி வானம் பாதிச் சுவரான புள்ளியில் ஒளிப் பங்கு 0.53. பரப்புப் பங்கான 0.5க்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. பரப்பு மாஸ்க்கே இங்கு போதும். மரத்துக்குச் செய்ததுபோல இங்கும் மாஸ்க்கை உள்ளே தள்ளினால் சுவரின் ஓரத்தில் கறுப்புக்கோடு விழும். இரு பக்கமும் ஒளியில் நெருங்கியிருந்தால் இரண்டு பங்குகளும் ஒன்றாகிவிடுகின்றன. தொடுவானத்தில் இணைத்த லெ கிரேயின் கடற்காட்சிகளுக்கு இந்த நெருக்கம் துணைநின்றது என்பது என் கருத்து.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஆல்ஃபா தவறென்றால் திரைப்படக் காட்சிகளில் வானத்தையே மாற்றும்போது அது எப்படிச் சரியாக வருகிறது? அங்கே நடப்பது வேறு வேலை. மரத்தின் தூய நிறத்தை மதிப்பிட்டுப் பிரித்தெடுத்து, புதிய வானத்தின்மேல் அடுக்குகிறார்கள். கலந்த புள்ளி அங்கே மிஞ்சுவதில்லை. அடுக்குவதற்குப் பரப்புப் பங்கு வேண்டும். கலந்த புள்ளியை அப்படியே வைத்துத் திருத்துவதற்கு ஒளிப் பங்கு வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாஸ்க்கை நீட்டுவதே குழப்பத்தின் வேர்.

4. ஒளிப் பங்கு மாஸ்க்கைச் செய்யும் முறை

ஒரே படத்திலிருந்து பரப்புப் பங்கைத் துல்லியமாக மீட்பது எளிதல்ல. ஆல்வி ரே ஸ்மித், ஜேம்ஸ் பிளின் இருவரும் 1996இல் காட்டியபடி, தெரியாத எண்கள் சமன்பாடுகளை விட அதிகம். ஆனால் வானத்துக்கு ஒரு சலுகை உண்டு: அதன் ஒளி மெதுவாகவே மாறுவதால் விளிம்புக்கு அருகில் அதன் மதிப்பை நேரே படித்துவிடலாம். இருண்ட மரத்துக்கும் ஒரு சராசரி போதும். இவ்விரண்டும் தெரிந்தால் புள்ளியின் ஒளியளவே மாஸ்க்கின் மதிப்பைச் சொல்லிவிடும்.

நடைமுறையில் படத்தின் நீலச் சேனலை நகலெடுத்து, அதன்மேல் கர்வ்ஸ் கருவியால் ஒரு வளைவை ஏற்ற வேண்டும். நீலச் சேனலில் வானமும் இலையும் நம் எடுத்துக்காட்டின் அளவுகளில் இருப்பதாகவும், படம் 2.2 காமாவில் 8 பிட்டாக இருப்பதாகவும் கொண்டால் வளைவின் புள்ளிகள் இவை: 59 என்பது 0 ஆக வேண்டும், 81 என்பது 134, 123 என்பது 215, 172 என்பது 243, 230 என்பது 255. இலையின் மதிப்பைத் தாண்டியதும் வளைவு செங்குத்தாக ஏறி, பிறகு தட்டையாகிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே நேர்கோடு இழுக்கும் வழக்கத்திலிருந்து இது விலகும் இடம் அந்த முதல் ஏற்றமே. திருத்தத்தை நேரியல் ஒளியில் செய்தால்தான் இந்த எண்கள் முழுமையாகப் பொருந்தும். காமா ஏற்றிய அளவுகளில் கலக்கும் மென்பொருளில் பிழை குறையுமே தவிர மறையாது; பரப்பு மாஸ்க்கை அங்கே பயன்படுத்தினால் அந்தப் பாதிப் புள்ளி ஏறத்தாழ 0.23இல் நிற்கும்.

இந்த வளைவு வெள்ளைச் சுவரையும் வானமென்றே எண்ணிவிடும். ஆகவே மரம் உள்ள பகுதிக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, சுவரின் ஓரத்தைக் கையால் நேர்கோடாக வரைந்து இரண்டையும் சேர்க்க வேண்டும். ஒரு வானம், ஆனால் இரண்டு விதமான விளிம்பு, மாஸ்க்கும் அப்படியே.

ஃபெதர் போட்டு விளிம்பை மங்கலாக்குவது இதற்கு மருந்தல்ல. இருபது புள்ளி அகலத்துக்கு மங்கலாக்கினால், முழு வானமான புள்ளிகளிலும் மாஸ்க் பாதிவரை இறங்கும். அங்கே 0.8 என்பது 0.2 ஆகாமல் 0.5இல் நின்றுவிடும். ஒற்றைப் புள்ளி அகலத்தில் இருந்த கோடு பட்டையாக விரிகிறது. லென்ஸ் உண்மையிலேயே அவ்வளவு அகலத்துக்கு விளிம்பை மங்கலாக்கியிருந்தால் மட்டுமே ஃபெதர் பொருந்தும்.

5. எல்லைகளும் சோதனையும்

இந்த முறை மூன்று இடங்களில் தளரும். வானம் சென்சாரின் எல்லையைத் தாண்டி வெள்ளையாகிவிட்டிருந்தால் அதன் உண்மை ஒளி தெரியாது. கலவைக் கணக்கு உடைந்துவிடும், இருட்டாக்கினால் சாம்பல்தான் மிஞ்சும். வளைவு செங்குத்தாக ஏறும் இருண்ட பகுதியில் இலைகளின் இரைச்சலும் பெருகும். மரத்துக்குள் புள்ளி புள்ளியாக மாஸ்க் படிந்தால் அதுவே அடையாளம். மூன்றாவதாக, பெரும்பாலான ஜேபெக் படங்களில் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டிருப்பதால், நிறச்சாயலை வைத்துத் தேர்ந்தெடுத்த மாஸ்க் கிளைகளில் கட்டம் கட்டமாக உடையும். நீலச் சேனலின் ஓரமும் அங்கே ஓரளவு மழுங்கும். ரா கோப்பிலிருந்து தொடங்குவதே நல்லது.

மாஸ்க் சரிதானா என்பதை அறிய, தேவையான திருத்தத்தை ஒதுக்கிவிட்டு, தற்காலிகமாக வானத்தை மூன்று ஸ்டாப் இருட்டாக்கிப் படத்தை 200 விழுக்காட்டில் பார்க்க வேண்டும். கிளையின் ஓரம் வானத்தை விட வெளிச்சமாக இருந்தால் மாஸ்க் பரப்பைத்தான் அளந்திருக்கிறது. சுவரின் ஓரம் கறுத்திருந்தால் மாஸ்க் வரம்பு மீறியிருக்கிறது. இலைகளின் இடைவெளியில் வெளிர்ப்புள்ளிகள் மினுங்கினால் சிறு வானத் துண்டுகள் விடுபட்டிருக்கின்றன. மூன்றும் இல்லையென்றால் திருத்தத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். மூன்று ஸ்டாப்பில் தெரியாத ஓரம் அரை ஸ்டாப்பிலும் தெரியாது.