கப்பர் சிங் பேசினால் தமிழ் சப்டைட்டில் எத்தனை எழுத்து? ‘ஷோலே’ காட்சியை வைத்து ஒரு கணக்கு

இந்திப் படம் ஓடுகிறது, கீழே தமிழ் வரி வருகிறது. அதைப் படித்து முடித்து நிமிர்வதற்குள் நடிகரின் முகம் மாறிவிடுகிறது. அல்லது அவர் வாய் திறக்கும் முன்பே விஷயம் கீழே வந்து நிற்கிறது. இது உங்களுக்கு நடந்திருக்கும். மொழிபெயர்ப்பு தப்பு என்று நினைத்திருப்பீர்கள். பல நேரம் அர்த்தம் சரியாகத்தான் இருக்கும், கணக்குதான் உதைக்கும்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ரமேஷ் சிப்பி இயக்கி, சலீம்-ஜாவேத் எழுதி, 1975ல் வந்த ‘ஷோலே’. ராம்கட்டிலிருந்து தோற்றுத் திரும்பிய மூன்று பேரிடம் கப்பர் சிங் (அம்ஜத் கான்) “கித்னே ஆத்மி தே?” என்று கேட்கும் இடம்.

விதிகள் என்ன?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் அடிப்படை ஒன்றுதான். ஒரு நேரத்தில் அதிகபட்சம் இரண்டு வரி. ஒரு வரியில் இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது. 42 என்பது பரவலாகப் புழங்கும் எண். ஒரு சப்டைட்டில் திரையில் இருக்கும் நேரத்துக்கும் எல்லை உண்டு. நெட்ஃபிளிக்ஸின் பொது விதிப்படி குறைந்தது ஒரு விநாடியில் ஆறில் ஐந்து பங்கு, அதிகபட்சம் 7 விநாடி.

நான்காவதுதான் முக்கியம்: படிக்கும் வேகம். மொத்த எழுத்துகளை, வரி திரையில் நிற்கும் விநாடிகளால் வகுத்தால் அது வரும். இடைவெளியும் நிறுத்தற்குறியும் எழுத்துக் கணக்கில் சேரும். இந்தக் கட்டுரைக்கு விநாடிக்கு 17 என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில சப்டைட்டிலில் நெடுநாள் புழங்கிய எண் அது.

தமிழில் ‘ஒரு எழுத்து’ என்பது எது?

முதல் சிக்கலே இங்கேதான். ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடில் உயிர்மெய்யின் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். ஆங்கிலத்தில் கண்ணுக்குத் தெரிவதும் மெஷின் எண்ணுவதும் ஒன்றே என்பதால் இந்தக் குழப்பம் வராது.

பைதான் தெரிந்தால் நீங்களே பார்க்கலாம்:

```python
import unicodedata

def ezhuthu(s):
    return sum(not unicodedata.category(c).startswith("M") for c in s)

print(len("தமிழ்"), ezhuthu("தமிழ்"))   # 5 3
```

`len()` தருவது மெஷின் கணக்கு. `ezhuthu()` குறிகளையும் புள்ளிகளையும் விட்டுவிட்டு எண்ணுகிறது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘42, 17 எல்லாம் எந்தக் கணக்கில்?’ என்பதுதான். பதில் வராவிட்டால் மெஷின் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். அது கறாரானது. அதில் தேறினால் மற்றதிலும் தேறும். இனி வரும் எண்கள் எல்லாம் மெஷின் கணக்கு.

நீளமான வசனம்: எதை வெட்டுவது?

இந்தக் காட்சியில் கப்பர் தன் பயங்கரத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் வசனம் ஒன்று உண்டு. ஐம்பது ஐம்பது கோஸ் தூரத்து ஊரில் ராத்திரி குழந்தை அழுதால், ‘தூங்கு, இல்லாவிட்டால் கப்பர் சிங் வந்துவிடுவான்’ என்று தாய் சொல்கிறாளாம். முதல் பாதியை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால்:

> இங்கிருந்து ஐம்பது கோஸ் தூரத்தில் இருக்கும்
> கிராமத்தில் குழந்தை இரவில் அழும்போது

முதல் வரி 43, இரண்டாவது 36. நடுவில் ஒரு இடைவெளியும் சேர்த்து மொத்தம் 80. (நம் கண் எண்ணினால் இதே வாக்கியம் 49தான்.) முதல் வரி எல்லையை ஒன்றால் தாண்டிவிட்டது. இந்தப் பாதிக்கு 4 விநாடி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் வேகம் 20. நாம் அனுமதித்தது 4 × 17 = 68. அதாவது 12 எழுத்து அதிகம். (இங்கே வரும் விநாடிகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. வேலை செய்யும்போது ஒலியலையைப் பார்த்து நீங்கள் அளந்துகொள்ள வேண்டும்.)

எதை எடுக்கலாம்? ‘இங்கிருந்து’ வேண்டாம், அவர் எங்கே நிற்கிறார் என்று படமே காட்டுகிறது. ‘கோஸ்’ தமிழ் வாசகரை நிறுத்திவிடும். அது ஊருக்கு ஊர் மாறுபட்ட பழைய அளவு, தோராயமாக இரண்டு மைல். ஆக ஐம்பது கோஸ், ‘நூறு மைல்’. ‘கிராமத்தில்’ என்பதை ‘ஊர்ல’ ஆக்கலாம். இந்தியில் ‘ஐம்பது ஐம்பது’ என்று இரட்டித்துச் சொல்வது வெறும் தூரம் அல்ல, அவ்வளவு தள்ளியிருக்கும் ஊர்களிலும் என்ற திமிர். அதை மட்டும் விடக் கூடாது. அதற்கு ‘கூட’ போதும்.

> நூறு மைல் தள்ளி இருக்கிற ஊர்ல கூட
> ராத்திரி குழந்தை அழுதா,

33 + 23 = 56. இடைவெளியோடு 57. வேகம் 14 சொச்சம். கப்பரின் முகத்தைப் பார்க்க நேரம் மிச்சமிருக்கிறது.

பேர் கடைசியில் வர வேண்டும்

இரண்டாம் பாதியில் வேறு சிக்கல். இந்தியும் தமிழும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் என்பதால், பொதுவாக வரிசை மாறாமல் தமிழாக்கலாம். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லும்போது பாதை பிரிகிறது. இந்தியில் ‘தாய் சொல்கிறாள்’ முன்னால் வந்துவிடும். தமிழில் இயல்பு ‘...என்று தாய் சொல்வாள்’. அப்படியே எழுதினால் திரையில் கடைசிச் சொல் ‘சொல்வாள்’. கப்பர் தன் பெயரை அழுத்திச் சொல்லும் நேரத்தில் உங்கள் கண் அம்மாவிடம் இருக்கும்.

நாம் பேசும்போது ‘அப்பா சொன்னாரு, போகாதேன்னு’ என்று வினையை முன்னால் போடுவது உண்டு. அந்த வழக்கத்தை இங்கே பயன்படுத்தலாம். இரண்டாம் பாதியை இரண்டு தனி சப்டைட்டிலாகப் பிரித்து, ஆளுக்கு 2 விநாடி கொடுத்தால்:

> அம்மா சொல்லுவா: தூங்குடா கண்ணா,

> இல்லேன்னா கப்பர் சிங் வந்துடுவான்.

முதலாவது 31, வேகம் 15.5. இரண்டாவது 34, வேகம் சரியாக 17. இதையே ‘இல்லாவிட்டால் கப்பர் சிங் வந்துவிடுவான்.’ என்று எழுத்து நடையில் போட்டால் 40, வேகம் 20. அர்த்தம் ஒன்றுதான், பேச்சு வடிவம் ஆறு எழுத்தை மிச்சம் பிடித்தது.

அதற்காக எல்லாவற்றையும் காதில் விழுகிற மாதிரியே எழுதக் கூடாது. ‘வந்துடுவான்’, ‘இல்லேன்னா’ போன்றவை கதைகளிலும் பத்திரிகைகளிலும் பார்த்துப் பழகிய வடிவங்கள், கண் தடுமாறாது. ஒரு வட்டாரத்தில் மட்டும் புழங்கும் சுருக்கத்தை எழுதினால் எண்ணிக்கை குறையும், ஆனால் வாசகர் நின்று எழுத்துக்கூட்டுவார். வேகக் கணக்கில் அது தெரியாது.

முன்கூட்டியே உடைந்துவிடும் வசனம்

காட்சியின் தொடக்கத்துக்கு வருவோம். அவர்கள் இரண்டு பேர், நீங்கள் மூன்று பேர், அப்படியும் திரும்பி வந்துவிட்டீர்கள் என்கிறார் கப்பர். அதன்பிறகுதான் ‘காலி ஹாத்’, அதாவது வெறுங்கையோடு. அந்தச் சின்ன இடைவெளியில்தான் மூன்று பேரின் பயமும் இருக்கிறது.

பல நேரம் தமிழ் சப்டைட்டில் இந்தியிலிருந்து நேராக வருவதில்லை. நேரம் குறித்த ஆங்கில வரிகள் கைக்கு வரும், அவற்றைத் தமிழாக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘வெறுங்கையோடு திரும்பி வந்தீர்கள்’ என்று ஒரே வரியாகச் சுருக்கியிருந்தால், தமிழிலும் அப்படியே வந்து விஷயம் முன்கூட்டியே உடையும். திருவனந்தபுரம் மாவட்டம் வித்துராவில் இருக்கும் ஐசர் வளாகம் போல, இந்தி தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சேர்ந்து உட்காரும் இடத்தில் படம் போட்டால் இது சட்டென்று தெரியும்: சப்டைட்டில் படிக்கிறவர்களிடமிருந்து ‘உச்’ சத்தம் முதலில் வரும், இந்தி கேட்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் கழித்து வரும். இரண்டும் ஒன்றாக வர இப்படிப் பிரிக்கலாம்:

> அவனுங்க ரெண்டு பேர், நீங்க மூணு பேர்.

> அப்பவும் திரும்பி வந்துட்டீங்க.

> வெறுங்கையோட.

கடைசி சப்டைட்டில் 12 எழுத்து. 17 வேகத்தில் முக்கால் விநாடிகூட வேண்டாம். ஆனாலும் குறைந்தபட்ச நேர விதிக்காக, 24 ஃபிரேம் படத்தில் 20 ஃபிரேமாவது நிறுத்த வேண்டும்.

ஆங்கிலம் இன்னொன்றையும் மறைத்துவிடும். இங்கே ‘தும்’ மூன்று பேரைப் பார்த்துச் சொன்னது, அதனால் ‘நீங்க’; மரியாதை இல்லை, பன்மை. பிறகு காலியாவிடம் தனியாகத் திரும்பும்போது இந்தி ‘தேரா’வுக்கு இறங்குகிறது. தமிழ் ‘உன்’னுக்கு இறங்க வேண்டும்: ‘உன் கதி என்ன, காலியா?’ ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதை மட்டும் பார்த்து எழுதுகிறவர் மூன்று பேரையும் ‘நீ’ என்றோ, காலியாவை ‘நீங்க’ என்றோ அழைத்துவிடலாம். ஆங்கில வரி கைக்கு வந்தாலும் இந்தி ஒலியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

எல்லை தாண்டிய வரியை சப்டைட்டில் மென்பொருள் நிறம் மாற்றிக் காட்டும். ஆனால் 42 என்பது எண்ணிக்கை, அகலம் அல்ல. ‘ண’, ‘ணை’, ‘ஞ’ நிறைந்த வரி, ‘ர’ நிறைந்த வரியைவிட நீளமாக ஓடும். எண்ணிக்கையில் தேறிய வரிகூட மொபைலில் மூன்றாவது வரியாக மடியலாம். அதனால் முடித்ததும் ஒருமுறை மொபைலில் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு இந்தி தெரியாத ஒருவரை உட்கார வைத்து அதே காட்சியைப் போடுங்கள். சப்டைட்டிலைப் பார்க்காதீர்கள், அவர் கண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கண் மேலே, அம்ஜத் கான் முகத்துக்குப் போகிறதா? போகாத இடம்தான் நீங்கள் வெட்ட வேண்டிய வரி.