கார்ட்லி வரையாத விகிதங்கள்



அரியலூரிலும் பெரம்பலூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் பங்குச் சந்தையில் பணம் போடுகிறீர்கள். "கார்ட்லி, பட்டர்ஃப்ளை வடிவங்கள் துல்லியமாக வேலை செய்கின்றன, சார்" என்று படங்களும் அனுப்புகிறீர்கள். கணக்கு வாத்தியாராக அதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன்.

எச்.எம்.கார்ட்லி என்ற அமெரிக்கர் 1935-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் 222-ஆம் பக்கத்தில் விலை ஏறி இறங்கித் திரும்பும் ஒரு வடிவம் இருக்கிறது. 0.618, 0.786 போன்ற விகிதங்கள் அதில் கிடையாது. அவற்றைச் சேர்த்தவர்கள் அறுபது ஆண்டுகளுக்குப் பின் வந்த லாரி பெசவென்டோ, ஸ்காட் கார்னி போன்றவர்கள். 0.618-இன் வர்க்கமூலம் 0.786. அதன் வர்க்கமூலம் 0.886. முதலாவது கார்ட்லிக்கு, அடுத்தது 'பேட்' வடிவத்துக்கு. தொடங்கிய இடத்தையும் தாண்டி 1.27 வரை போனால் பட்டர்ஃப்ளை. ஒன்று பொய்த்தால் அடுத்த பெயர் தயாராக இருக்கிறது.

நம் நிஃப்டியிலேயே பார்ப்போம். 2020 ஜனவரி உச்சம் 12,430. மார்ச் 24 அடிமட்டம் 7,511. வீழ்ச்சி 4,919 புள்ளிகள். அதன் பிறகு ஜூன் 8-இல் 10,328 வரை ஏறியது. அதாவது வீழ்ச்சியில் 0.573 பங்கு. கார்ட்லிக்கு இங்கே 0.618 வேண்டும், பேட்டுக்கு 0.5-க்குள் வேண்டும். இரண்டுமில்லை. ஆகஸ்ட் 31-இல் 11,794 தொட்டு இறங்கியது. இது 0.871. அன்றாட முடிவு விலைகளை மட்டும் எடுத்தால் 0.85 வருகிறது. எந்த விலையை அளப்பது என்பதே நம் விருப்பம்!

முன்கூட்டியே 0.786 என்று நம்பி 11,377-இல் விற்றவருக்கு விலை மேலும் 417 புள்ளி ஏறி நஷ்டம். 0.886-க்காக 11,869-இல் காத்திருந்தவருக்கு அப்போது விலை அங்கே வரவேயில்லை. நவம்பரில் பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. ஆனால் செப்டம்பரில் படம் வரைந்தவர், "பாருங்கள், கிட்டத்தட்ட 0.886" என்று சொல்லியிருக்க முடியும்.

இந்தக் 'கிட்டத்தட்ட'வைத்தான் கவனிக்க வேண்டும். 0.382, 0.5, 0.618, 0.707, 0.786, 0.886 என்று ஆறு விகிதங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் 0.03 விட்டுக்கொடுத்தால் மொத்தம் 0.36. 0.3 முதல் 1 வரையுள்ள 0.7 தூரத்தில் பாதிக்கு மேல் மூடிவிடுகிறது. கண்ணை மூடிக் கல்லெறிந்தாலும் இரண்டுக்கு ஒன்று ஏதாவது ஒரு விகிதத்தில் படும்.

ஆகவே, அடுத்த முறை விலை அங்கே போகும் முன்பே வடிவத்தின் பெயர், திரும்ப வேண்டிய விலை, தவறானால் வெளியேறும் விலை மூன்றையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். தோற்றவற்றையும் விடாமல் எண்ணுங்கள். ஐம்பது சேர்ந்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.