சிலியின் ஷியர் சுவர்கள்: 1985 தந்த நம்பிக்கையும் 2010 காட்டிய முறிவும்

1985 மார்ச் 3 அன்று சிலி நாட்டின் நடுக்கடற்கரையைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று உலுக்கியது. அதன்பின் வின்யா டெல் மார் நகருக்குச் சென்ற அமெரிக்கப் பொறியாளர்களுக்கு அங்கே ஒரு புதிர் இருந்தது. அடுக்குமாடிகளின் கான்கிரீட் சுவர்களில் அமெரிக்க விதி கட்டாயமாகக் கேட்ட ஒன்று இல்லை. சுவரின் இரு முனைகளிலும் செங்குத்துக் கம்பிகளை நெருக்கமாகச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகள்தாம் அவை. ஆனாலும் ஒருசில கட்டடங்களைத் தவிர மற்றவை பெரிய சேதமின்றி நின்றன. ஷாரன் உட், ஜேம்ஸ் வைட், ஜாக் மோலே ஆகியோர் அந்நகரின் கட்டடங்களை ஆராய்ந்து எழுதியவை, ஷியர் சுவர் பற்றிய பொறியியல் சிந்தனையையே ஓரளவு திருப்பின. அந்த நல்ல செய்தியிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் எங்கே பிசகியது என்பதை இக்கட்டுரை தேடுகிறது.

முதலில் ஷியர் சுவர் செய்யும் வேலையைப் பார்க்கலாம். தரையில் ஊன்றி நிற்கும் ஓர் அகலப் பலகையைப் பக்கவாட்டில் தள்ளினால், ஒரு விளிம்பு நசுங்கப் பார்க்கும். எதிர் விளிம்பு பிய்ந்து எழப் பார்க்கும். சுவரும் அப்படித்தான். நசுக்கத்தைக் கான்கிரீட் தாங்கும், இழுவையைக் கம்பி தாங்கும். எஃகுக் கட்டடத்தில் இதே வேலையை மூலைவிட்டமாகப் போடும் பிரேசிங் செய்கிறது. ஃபஸ்லுர் கான் வடிவமைத்து 1969இல் சிகாகோவில் எழுந்த 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடத்தின் முகத்தில் தெரியும் பெரிய எக்ஸ் வடிவங்கள் அதற்கானவை. அங்கே முதல் எதிரி காற்று. காற்றுக்கு எதிராக எஃகு நிரந்தரமாக நெளியவே கூடாது என்பது கணக்கு. நிலநடுக்கத்துக்கு அப்படிக் கணக்கிட்டால் கட்டுப்படியாகாது. ஆகவே சில இடங்களில் கம்பி நீளட்டும், கான்கிரீட் வெடிக்கட்டும், ஆனால் உடைந்து விழாமல் நிற்கட்டும் என்று பொறியாளர் விட்டுக்கொடுக்கிறார். சுவர்முனை ரிங்குகளின் வேலை அந்த விட்டுக்கொடுப்பில்தான் தொடங்குகிறது. நசுங்கும் கான்கிரீட் சிதறாமல் அவை கட்டிப்பிடிக்கும். அதற்குள் இருக்கும் கம்பி வெளியே வளையாமல் தடுக்கும்.

அந்த ரிங்குகள் இல்லாமலே சிலியின் கட்டடங்கள் நின்றதற்குக் காரணம் அவற்றின் அமைப்பு. அங்கே சுவர்கள் லிப்ட் குழியைச் சுற்றி மட்டும் நிற்பதில்லை. அறைக்கு அறை, வீட்டுக்கு வீடு நிற்கும் தடுப்புகளே கான்கிரீட் சுவர்கள். ஒரு தளத்தின் பரப்பில், ஒவ்வொரு திசையிலும் நிற்கும் சுவர்களின் வெட்டுப்பரப்பு ஏறத்தாழ 3 சதவீதம். இவ்வளவு சுவர் இருந்தால் கட்டடம் விறைப்பாகிவிடும். மாடி எண்ணிக்கையை 20ஆல் வகுத்தால் ஒரு முறை ஆடி மீளும் நேரம் நொடியில் கிடைக்கும் என்பது அங்கே பயன்படும் தோராயம். 20 மாடிக்கு ஒரு நொடி. விறைப்பான கட்டடம் பக்கவாட்டில் குறைவாகவே நகரும். குறைவாக நகர்ந்தால் முனைக் கான்கிரீட்டும் குறைவாகவே நசுங்கும். அந்த அளவு நசுக்கத்துக்கு ரிங் தேவைப்படவில்லை.

உட் குழுவினரின் ஆய்வுகள் இந்தக் காரணத்தை மறைக்கவில்லை. சுவரின் அளவும் நகர்வின் அளவும் சேர்ந்தே சேதத்தைத் தீர்மானிக்கின்றன என்பதுதான் அவற்றின் சாரம். ஆனால் 1996இல் சிலியின் நிலநடுக்க விதிநூல் திருத்தப்பட்டபோது, நிபந்தனை நழுவி முடிவு மட்டும் தங்கியது. கான்கிரீட்டுக்கு அமெரிக்க விதிநூலையே பின்பற்றலாம், சுவர்முனையைக் கட்டும் பிரிவுகளை மட்டும் பின்பற்ற வேண்டியதில்லை என்று வெளிப்படையான விலக்கு தரப்பட்டது. 1985இல் நின்ற கட்டடங்களின் அனுபவம் அதற்கு ஆதாரமாக இருந்தது. அந்த அனுபவம் எந்த உயரத்துக் கட்டடங்களுக்கு உரியது என்று கேட்கும் வரி எதுவும் அந்த விலக்கில் இல்லை. இந்த வரலாற்றில் மிக வருத்தத்துக்குரிய இடமாக நான் கருதுவது இதைத்தான்.

அடுத்த பதினான்கு ஆண்டுகளில் சுவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு திசையிலும் சராசரி 2.8 சதவீதம் அளவிலேயே இருந்தது. உயரம் மட்டும் கூடியது, சுவர் மெலிந்தது. 15 முதல் 20 செ.மீ. கனமுள்ள சுவர்களோடு 20, 25 மாடிகள் எழுந்தன. இதன் விளைவைச் சிறு கணக்கில் பார்க்கலாம். தளத்தின் எடை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் என்று கொள்வோம். இரு திசையும் சேர்த்துச் சுவர்ப்பரப்பு 5.6 சதவீதம். அப்படியானால் ஒவ்வொரு மாடியும் சுவரில் சதுர செ.மீ.க்கு 1.8 கிலோ அழுத்தத்தைச் சேர்க்கிறது. 10 மாடியின் அடியில் 18 கிலோ. 25 மாடியின் அடியில் 45 கிலோ. கான்கிரீட்டின் வலிமை 250 கிலோ என்றால், முதலாவதில் அதன் 7 சதவீதமும் இரண்டாவதில் 18 சதவீதமும் நிலம் ஆடத் தொடங்கும் முன்பே, வெறும் எடையால் செலவாகிவிடுகின்றன. இது சராசரிதான். அகலமான தளத்தைத் தாங்கும் தனிச்சுவர்களில் இன்னும் கூடும். சுவர் விகிதம் மாறாததால் எதுவும் மாறவில்லை என்று தோன்றியது. உண்மையில் ஒவ்வொரு சுவரின் தலையிலும் இரண்டு மடங்குக்கு மேல் சுமை ஏறியிருந்தது.

மெல்லிய சுவருக்கு வேறொரு பாதகமும் உண்டு. கம்பிக்கு வெளியே இருக்கும் கவர் கான்கிரீட் பக்கத்துக்கு 2 செ.மீ. என்றால், அது உதிர்ந்ததும் 20 செ.மீ. சுவர் 16 செ.மீ. ஆகும். ஐந்தில் ஒரு பங்கு ஒரே கணத்தில் போய்விடுகிறது. 30 செ.மீ. சுவரில் அதே உதிர்வால் போவது 13 சதவீதமே.

2010 பிப்ரவரி 27 அதிகாலையில் 8.8 அளவிலான மௌலே நிலநடுக்கம் வந்தது. ஒன்பது மாடிக்கு மேற்பட்ட கான்கிரீட் கட்டடங்கள் அப்போது சிலியில் சுமார் 2,000 இருந்தன. அவற்றில் பெருஞ்சேதம் அடைந்தவை ஏறத்தாழ 2 சதவீதம். குறைந்த எண்ணிக்கைதான், அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் சேதமுற்ற கட்டடங்களில் சேதத்தின் முகம் வியக்கத்தக்க அளவில் ஒன்றாக இருந்தது. தரைத்தளத்திலோ முதல் அடித்தளத்திலோ, சுவரின் வெளிமுனையில் கான்கிரீட் நசுங்கி, செங்குத்துக் கம்பிகள் வெளியே புடைத்து, 90 பாகையில் மடிக்கப்பட்ட கிடைக்கம்பிக் கொக்கிகள் விரிந்து திறந்திருந்தன. முனையில் தொடங்கிய நசுக்கம் கிடையாகச் சுவரின் நீளத்துக்கு ஓடியிருந்தது.

வெளிமுனையே ஏன் நசுங்கியது? சிலியின் அடுக்குமாடித் தளவரைபடம் மீன்முள் போல இருக்கும். நடுவில் நீளவாட்டில் நடைபாதைச் சுவர்கள். அவற்றிலிருந்து இருபுறமும் பிரியும் வீட்டுச் சுவர்கள். ஆகவே ஒவ்வொரு சுவரும் ஆங்கில டி எழுத்தின் வடிவம் பெறுகிறது. நடைபாதைப் பக்கம் அகலத் தலை. ஜன்னல் பக்கம் ஒற்றை மெல்லிய வால். கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது அகலத் தலை நசுக்கத்தை எளிதாக ஏற்கும். மறுபக்கம் சாயும்போது தலையில் உள்ள அத்தனை கம்பிகளும் இழுக்கும். அந்த இழுவையோடு கட்டடத்தின் எடையும் சேர்ந்து வாலின் நுனியில் இறங்கும். அதை ஏற்பதற்கு அங்கே இருப்பது 20 செ.மீ. கனக் கான்கிரீட் மட்டுமே, அதைக் கட்டிப்பிடிக்க ரிங்கும் இல்லை. சில கட்டடங்களில் கீழே கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அந்த வால் நுனியையே அடித்தளத்தில் உள்ளே இழுத்துக் குறைத்திருந்தார்கள். மேலே நீண்டும் கீழே குறுகியும் நிற்பதால் இதைக் கொடி வடிவச் சுவர் என்பார்கள். பாரம் மிகுதியாக வரும் இடத்தில்தான் சுவர் குறைந்துபோகிறது.

கான்செப்சியோன் நகரின் ஆல்டோ ரியோ கட்டடம் இவற்றின் எல்லை. 15 மாடி, 2 அடித்தளம். சுவர்கள் பெரும்பாலும் 20 செ.மீ. குடியேறிச் சிறிது காலமே ஆன கட்டடம், முழு உடலாக ஒரு பக்கம் சாய்ந்து மல்லாந்து விழுந்து இரண்டாகப் பிளந்தது. 8 பேர் இறந்தனர். விழுந்த பக்கம் கான்கிரீட் நசுங்கியிருந்தது, எதிர்ப்பக்கம் கம்பிகள் அறுந்தும் ஒட்டுகளிலிருந்து உருவியும் கிடந்தன. நசுக்கம் முதலா, அறுதல் முதலா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நசுக்கத்தை முன்னிறுத்தும் கணிப்புகள் இருக்கின்றன. கம்பி ஒட்டுகளின் தோல்வியே தொடக்கம் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். முனை ரிங்கை மட்டும் பேசுவது முழு விடையாகாது என்பதற்கு இந்த வாதம் நல்ல எச்சரிக்கை. நசுங்கும் முனையைக் காப்பது போலவே, இழுபடும் முனையில் கம்பிகள் ஒரே மட்டத்தில் ஒட்டப்படாமல் பார்ப்பதும் தேவை.

திருத்தம் விரைவாக வந்தது. 2011இல் சிலி அரசு 60, 61 எண்ணுள்ள ஆணைகளை வெளியிட்டது. 1996இன் விலக்கு முடிந்தது. சுவர்முனைக் கட்டு திரும்பியது. மண்ணின் வகைப்பாடும் மாற்றப்பட்டது. என் பார்வையில் முதன்மையான மாற்றம் வேறு. வடிவமைப்புச் சுமையில் ஒரு சுவர் ஏற்கும் அழுத்தம் கான்கிரீட் வலிமையின் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். 1985இன் கட்டடங்களிடம் எழுதாத விதியாக இருந்தது இந்தக் குறைந்த சுமைதான். 2011இல் அது எழுத்தில் வந்தது. 2014இன் அமெரிக்க விதிநூலும் சிலியிலிருந்து கற்றது. முனைக்கட்டு வேண்டிய சுவரின் கனம், மாடியின் தடையற்ற உயரத்தில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. நசுங்கும் பகுதி நீளமாக இருந்தால் 30 செ.மீ.க்கும் குறையக் கூடாது என்று அது சேர்த்தது.

நம் நாட்டுக்கும் இது அந்நியமல்ல. அலுமினியத் தகடு பூட்டி, சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பில் எழுப்பும் அடுக்குமாடிகள் சென்னை உட்பட இந்திய நகரங்களில் பெருகியுள்ளன. அவற்றின் சுவர்களும் மெல்லியவை. அறைக்கு அறை நிற்பவை. நடைபாதையோடு சேரும் இடத்தில் டி வடிவம் பெறுபவை. 2016இல் திருத்தப்பட்ட இந்தியத் தரம் ஐ.எஸ். 13920 சுவருக்குக் குறைந்தது 150 மி.மீ. கனம் கேட்கிறது. விளிம்பு அழுத்தம் கான்கிரீட் வலிமையின் 20 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் முனைக்கட்டும் கேட்கிறது. தகடு பூட்டும் முன், கீழ் மூன்று மாடிகளில் சுவரின் ஜன்னல் பக்க முனையில் நின்று பார்த்தால் அது நிறைவேறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ரிங் இருக்கிறதா, அதன் கொக்கி 135 பாகை மடிந்து கான்கிரீட்டின் உள்ளே நுழைகிறதா, கம்பி ஒட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் குவிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வார்ப்பு முடிந்த பிறகு இம்மூன்றில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது.