மின்கார் விவரத்தாள்: கிலோவாட்-மணி, தூரம், சார்ஜிங் திறன்

கிலோவாட்-மணி என்பது பேட்டரி கொள்ளும் ஆற்றலின் அளவு. மின்கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட்டும் இதுவே. 2023-இல் வந்த டாடா நெக்ஸான் மின்காரின் ஒரு வகையில் பேட்டரி 40.5 கிலோவாட்-மணி, நிறுவனம் சொன்ன தூரம் 465 கி.மீ. வகுத்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 11.5 கி.மீ. வருகிறது. இது ஆய்வகத்தில், மிதமான வேகத்தில் ஓட்டிப் பெற்ற கணக்கு. நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டு, ஏ.சி. போட்டு ஓட்டினால் யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அப்போது கிடைப்பது சுமார் 280 கி.மீ.

கிலோவாட் என்பது வேறு: ஆற்றல் ஏறும் வேகம். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக் சுமார் 3.3 கிலோவாட் தரும், 40.5-ஐ அதனால் வகுத்தால் சுமார் 12 மணி நேரம், இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஏ.சி. சார்ஜிங்கில் எல்லையை விதிப்பது காருக்குள் இருக்கும் சார்ஜர். அது 7.2 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் சார்ஜிங் கம்பத்தில் மாட்டினாலும் 7.2-க்கு மேல் ஏறாது. டி.சி. வேக சார்ஜிங்குக்குத் தரப்படும் எண் உச்ச அளவு மட்டுமே. பேட்டரி நிறைய நிறைய, குறிப்பாக 80 சதவீதத்துக்கு மேல், வேகம் வெகுவாகக் குறையும். விவரத்தாளில் ‘10–80%’ நேரத்தை மட்டும் போடுவது அதனால்தான்.