எக்செல் தேதி வரிசை எண்ணும் எழுத்துத் தேதியும்

எக்செல் தேதியை ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. 1900 ஜனவரி 1-ஐ 1 எனக் கொண்டு எண்ணிவரும் இந்த எண்ணே தேதி வரிசை எண். 2024 மார்ச் 5-க்கு அது 45356. திரையில் தெரியும் நாளும் மாதமும் அந்த எண்ணுக்குப் போட்ட உடை மட்டுமே. செல்லில் எண்ணுக்குப் பதிலாக `13/03/2024` என்ற எழுத்துகளே கிடந்தால் அது எழுத்துத் தேதி. பார்வைக்குத் தேதிபோல இருந்தாலும் கணக்கில் சேராது.

இவ்விரண்டும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிடுவதுதான் தானியங்கி அறிக்கைகளில் நேரும் மோசமான கோளாறு. நாள்/மாதம்/ஆண்டு முறையில் எழுதிய, மார்ச் மாதத்தின் 31 நாள் விற்பனை அடங்கிய சிஎஸ்வி கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வட்டார அமைப்புள்ள கணினியில் ஒருவர் அதைத் திறந்து, எக்செல் கோப்பாகச் சேமிக்கிறார். திறக்கும்போதே `05/03/2024` மே 3 ஆகி, 45415 என்று பதிவாகிவிடும். `13/03/2024`-க்கு வந்ததும், பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் எக்செல் அதை எழுத்தாகவே விட்டுவிடும். ஆக முதல் 12 வரிகள் எண்ணாகும், மீதி 19 எழுத்தாகவே நிற்கும். அந்த 12-இலும் மார்ச் 3 மட்டுமே சரி. அறிக்கை `SUMIFS` மூலம் மார்ச் மாதக் கூட்டுத்தொகையைக் கேட்டால் அந்த ஒரு நாள் விற்பனைதான் வரும். பிழைச்செய்தி எதுவும் எழாது. அதனால்தான் தவறு மேலதிகாரியின் மேசைவரை போய்விடுகிறது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. எண்ணான செல்கள் வலப்பக்கமும் எழுத்தானவை இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். யாரேனும் நடுவில் சீரமைத்திருந்தால் `ISNUMBER` சொல்லிவிடும். இன்னும் உறுதியான அடையாளம், எண்ணான வரிகள் அத்தனையும் ஜனவரி 3, பிப்ரவரி 3 என டிசம்பர் வரை மூன்றாம் தேதியிலேயே விழுவது. ஏப்ரல் முதல் நாளில் பார்த்தால் ஒன்பது வரிகள் இன்னும் வராத தேதிகளைக் காட்டும்.

செல்லின் வடிவத்தை மாற்றிப் பயனில்லை, உள்ளிருக்கும் எண்ணே மாறிவிட்டது. மூலக் கோப்பு கையில் இருந்தால் அதிலிருந்து மறுபடி எடுப்பதே நல்லது. இல்லையென்றால்:

```
=IF(ISNUMBER(A2),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

முழு நெடுவரிசையும் இப்படிப் புரண்டது என்று உறுதியானால் மட்டுமே இதைப் போட வேண்டும். சரியான தேதிமீது போட்டால் அதையும் புரட்டிவிடும்.

தடுப்பதற்கு, அனுப்பும் நிரலே தேதியை `2024-03-05` என்று எழுதட்டும். அது எந்த வட்டார அமைப்பிலும் மார்ச் 5 தான். பெறும் நிரலுக்கு வெறும் 45356 வந்து சேர்ந்தால் 1899-12-30 உடன் அத்தனை நாள்களைக் கூட்ட வேண்டும். டிசம்பர் 31 அல்லாமல் 30 ஆனதற்குக் காரணம், லோட்டஸ் 1-2-3 விரிதாளோடு ஒத்துப்போக எக்செல் ஏற்றுக்கொண்ட, உண்மையில் இல்லாத 1900 பிப்ரவரி 29.