ஒருமுறை எழுதி, பலமுறை பாடுவது: ஆதி கிரந்தத்தின் எண் முறை

ஐந்தாம் சீக்கிய குருவான அர்ஜன், 1604-இல் அமிர்தசரசில் ஆதி கிரந்தத்தைத் தொகுத்து முடித்தார். அவர் சொல்ல எழுதியவர் பாய் குர்தாஸ். அக்கால வழக்கப்படி, சொற்களுக்கிடையே இடைவெளியின்றி எழுத்துகள் தொடர்ந்து ஓடின. 'லரீவார்' என்பது அம்முறையின் பெயர். செய்யுள் முடிந்தால் புது வரி இல்லை. பல்லவியை உள்தள்ளி எழுதும் பழக்கமும் இல்லை. அந்நிலையில் பாடலின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியவை இரட்டை நிலைக்கோடுகளும் அவற்றினிடையே நின்ற எண்களும் மட்டுமே.

நான்கு அடித்தொகுதிகள் கொண்ட பதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் தொகுதியின் இறுதியில் 1 என்ற எண் நிற்கும். அதையடுத்துப் பல்லவி வரும். அதன் முடிவிலும் 1 என்று எழுதி, 'ரஹாவ்' என்ற சொல்லைச் சேர்ப்பர். பின்னர் 2, 3, 4 எனத் தொகுதிகள் தொடரும். புதிதாய்ப் படிப்பவர், 1 இருமுறை வருவதைக் கண்டு பிழையென மயங்கக்கூடும். ஆனால் இரண்டாவது 1 பல்லவிக்கே உரிய தனிக் கணக்கு. தொகுதிகளின் எண்ணிக்கையில் அது சேராது. பல்லவி மீண்டும் எழுதப்படுவதுமில்லை.

கீர்த்தனம் பாடுவோர் இவ்வரிசையை மாற்றிக்கொள்கின்றனர். ஏட்டில் இரண்டாவதாக நிற்கும் ரஹாவை முதலில் எடுத்து, ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் அதற்கே திரும்புவர். பாராயணம் செய்வோரோ எழுதிய இடத்தில் ஒருமுறை மட்டும் படித்துக் கடப்பர். ஒரே ஏடு இருவருக்கும் போதுமானதாயிற்று.

பதத்தின் முடிவில் 4-ஐ அடுத்து வேறோர் எண்ணும் வரும். 4, 3 என்று இருப்பின், நான்கு தொகுதிகள் கொண்ட இப்பதம் அவ்வரிசையில் மூன்றாவது என்பது பொருள். சில இடங்களில் அதுவரை வந்த பதங்களின் கூட்டுத்தொகையும் சேரும். இடையில் ஒரு பதத்தை நுழைக்க விரும்புபவர், அதன்பின் வரும் எண்களையெல்லாம் திருத்தியாக வேண்டும். படியெடுப்பவர் ஒரு தொகுதியை விட்டுவிட்டாலும் எண் தாவுவதைக் கொண்டு கண்டுகொள்ளலாம். எனினும் இக்காவலுக்கு எல்லை உண்டு: ஒரு தொகுதிக்குள்ளேயே சொல் மாறினால் எண் அதைக் காட்டிக்கொடாது.

சுகமணியில் இம்முறை மேலும் விரிகிறது. எட்டெட்டுத் தொகுதிகளைக் கொண்ட 24 அஷ்டபதிகள் அதில் உள்ளன; ரஹாவ் ஒன்றே. அது முதல் அஷ்டபதியின் முதல் தொகுதிக்குப் பின் நின்று நூல் முழுமைக்கும் பல்லவியாகிறது. ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் அதை அச்சிட்டால் 192 முறை வரும்.

ஆகவே பாடுவோர் வசதிக்காகப் பல்லவியைத் திரும்பத் திரும்ப அச்சிடும் பாட்டுப் புத்தகத்தில், அவ்வரிகளுக்கு எண் இடாமல் விடுவதே முறை. இட்டால், தொகுத்தவர் வைத்துச் சென்ற கணக்கு குலைந்துவிடும்.