ஒரே வாடகை, இரண்டு விதமான வேலை: களஞ்சியத்தில் யாருக்கு எவ்வளவு?

புலம்பெயர்ந்து வந்த நம்மவர் பலருக்கு முதல் வேலையே களஞ்சியத்தில்தான் கிடைத்தது. இரவு வேலையில் பெட்டி தூக்கியவர்களில் சிலர் இன்று சொந்தமாக இடம் எடுத்து, மற்ற வியாபாரிகளின் சரக்கை வைத்து அனுப்பிக் கொடுக்கிறார்கள். அங்கே நாங்கள் அடிக்கடி காணும் கணக்கு ஒன்று உண்டு. மாதச் செலவு முழுவதையும் கூட்டி, உள்ளே நிற்கும் பலெற்களின் எண்ணிக்கையால் பிரித்து, எல்லோரிடமும் பலெற்றுக்கு ஒரே விலை வாங்குவார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஓர் உதாரணம் எடுப்போம். கனடாவில் 400 பலெற் கொள்ளும் சிறு களஞ்சியம் ஒன்று. இடத்துக்கான வாடகை, மின்சாரம், காப்புறுதி மாதம் 12,000 டொலர். நான்கு வேலையாட்களுக்கும் போர்க்லிப்டுக்கும் 17,280 டொலர். மொத்தம் 29,280. பலெற்றுக்கு 73.20 டொலர் விழுகிறது. அரிசி இறக்குமதியாளர் 300 பலெற் வைத்திருக்கிறார். அவர் 21,960 டொலர் கட்டுகிறார். பலகாரமும் மிளகாய்த்தூளும் இணையத்தில் விற்பவர் 100 பலெற்றுக்கு 7,320 டொலர் கட்டுகிறார்.

ஆனால் அரிசி முழுப் பலெற்றாக வந்து முழுப் பலெற்றாகவே போகிறது. பலகாரக்காரருக்கோ மாதம் 1,800 சிறு பொதிகள். யாருக்காக யார் காசு கட்டுகிறார் என்பதை அந்த ஒற்றை விலை மறைத்துவிடுகிறது.

இதைப் பிரித்துப் பார்க்கும் முறைக்குச் செயற்பாட்டு அடிப்படைக் கிரயக் கணக்கீடு என்று பெயர். ரொபின் கூப்பர், ரொபேர்ட் கப்லன் ஆகியோர் 1988இல் இதை விளக்கி எழுதினார்கள். ஆரம்பத்தில் வேலையாட்களிடமே “எந்த வேலைக்கு உங்கள் நேரத்தில் எத்தனை வீதம் போகிறது?” என்று கேட்டு எழுதினார்கள். சிக்கல் என்னவென்றால், எல்லோருடைய பதிலும் கூட்டினால் சரியாக நூறு வீதம் வரும். சும்மா நின்ற நேரத்தை யார்தான் சொல்வார்கள்? அதனால் 2004இல் கப்லனும் ஸ்டீவன் அண்டர்சனும் நிமிடத்தை அடிப்படையாக வைக்கும் எளிய வழியைத் தந்தார்கள். சிறு களஞ்சியத்துக்கு அதுவே போதும்.

நான்கு பேருக்கும் சேர்த்து மாதம் 600 மணித்தியாலத்துக்குச் சம்பளம் கொடுக்கிறோம். இடைவேளை, துப்புரவு, காத்திருப்பு போக 80 வீதம், அதாவது 480 மணித்தியாலம் அல்லது 28,800 நிமிடம்தான் உண்மையான வேலைநேரம். 17,280ஐ அதனால் பிரித்தால் நிமிடத்துக்கு 60 சதம். இடத்துக்குத் தனியாக, பலெற்றுக்கு 30 டொலர்.

இனிக் கடிகாரத்தோடு நிற்க வேண்டும். ஒரு பலெற்றை இறக்கித் தட்டில் வைக்க 4 நிமிடம், எடுத்து லொறியில் ஏற்ற 5 நிமிடம் என்று வைப்போம். சிறு கட்டளைக்குத் தாள் எடுத்துப் பொதிசெய்ய 6 நிமிடம், அதோடு ஒவ்வொரு பொருள்வகைக்கும் ஒரு நிமிடம். சராசரி நான்கு வகை என்றால் 10 நிமிடம். முதலாளி பக்கத்தில் நின்று அளந்தால் வேலை வழமையை விட வேகமாக நடக்கும். ஒரு வாரமாவது, கூட்டமான நாளையும் சேர்த்து அளக்க வேண்டும்.

அரிசிக்காரரின் 300 பலெற் மாதம் ஒருமுறை வந்துபோனால் 2,700 நிமிடம், 1,620 டொலர், இடத்துக்கு 9,000. மொத்தம் 10,620. பலகாரக்காரருக்கு 1,800 கட்டளைக்கு 18,000 நிமிடம், 100 பலெற் இறக்க 400 நிமிடம், சேர்த்து 11,040 டொலர், இடத்துக்கு 3,000. மொத்தம் 14,040. அவர் கட்டுவதோ 7,320. அரிசிக்காரர் வேறிடத்தில் விலை கேட்ட நாளில் போய்விடுவார். நட்டம் தரும் வேலை மட்டும் நம் கையில் மிஞ்சும்.

இரண்டையும் கூட்டினால் 24,660தான். மீதி 4,620 டொலர் எங்கே? அது பயன்படாத 7,700 நிமிடத்தின் விலை. இதை இருவர் தலையிலும் சத்தமில்லாமல் ஏற்றிவிடும் பழக்கம்தான் பெரிய பிழை என்பது எங்கள் கருத்து. அந்த நேரம் களஞ்சியக்காரருடையது. புது வாடிக்கையாளர் தேடவோ ஆள்நேரத்தைக் குறைக்கவோ வேண்டியவர் அவர்தான். மாறாக, கணக்கில் வரும் நிமிடங்கள் 28,800ஐத் தாண்டினால், மேலதிக நேர வேலையும் நடக்கவில்லை என்றால், நாம் அளந்த நேரம் பிழை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

பலகாரக்காரரிடம் அடுத்த மாதமே இரட்டை விலை கேட்டால் உறவு முறிந்துவிடும். முதலில் நிமிடங்களை அவருக்குக் காட்டுங்கள். அதிகம் போகும் பத்துப் பொருட்களைப் பொதிமேசைக்கு அருகில் கொண்டுவந்து, கட்டளைக்கு 10 நிமிடம் 8 ஆகிவிட்டால், கூலி 6 டொலரிலிருந்து 4.80க்கு இறங்கும். அப்போது பட்டியலிலும் 4.80ஐயே அடிப்படையாக வைத்து, அதன்மேல் நம் இலாபத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.